600 சதுர அடி வீட்டின் பில் மட்டும் போதுமா? சென்னை சொத்து வரி உயர்வு, 2022: ஒரு நிகழ்வு ஆய்வு

2022 ஏப்ரல் 1 அன்று தமிழக அரசு நகர்ப்புற உள்ளாட்சிகளில் சொத்து வரிப் பொதுச் சீராய்வை அறிவித்தது. அந்த அறிவிப்போடு ஒரு மாதிரி பில்லும் வந்தது. சென்னையில் 600 சதுர அடி வீட்டுக்கு இப்போது 810 ரூபாய் வரி, அது 1,215 ரூபாய் ஆகும் என்றது அரசின் செய்திக்குறிப்பு. அதே அளவு வீட்டுக்கு மும்பையில் 2,157, பெங்களூருவில் 3,464, கொல்கத்தாவில் 3,510, புனேயில் 3,924 ரூபாய் என்று ஒப்பீடும் தந்தது. மறுநாள் பெரும்பாலான செய்திகளில் இடம்பெற்ற ஒரே வீடு அந்த 600 சதுர அடி வீடுதான். மறுபுறம், '150 சதவீதம் உயர்வு' என்ற தலைப்பும் ஓடியது. இரண்டும் அரசு அறிவித்தவைதான். ஆனால் இரண்டையும் படித்து முடித்த ஒரு குடும்பத்தலைவிக்குத் தன் வீட்டுக்கு எவ்வளவு வரும் என்பது தெரிந்திருக்காது.

அந்த இடைவெளியை நிரப்பும் வேலைதான் மாதிரி பில். எந்த வீட்டை மாதிரியாக எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே செய்தி எந்தப் பக்கம் சாய்கிறது என்பது முடிவாகிறது என்பது என் கருத்து. சென்னையின் 2022 உயர்வை எடுத்துக்கொண்டு, அதை எப்படிக் கணக்கிட்டு எழுதியிருக்க வேண்டும் என்று இங்கே பார்க்கிறேன். இதில் வரும் குடும்பங்கள் கணக்குக்காக நான் அமைத்துக்கொண்டவை. விகிதங்களும் விதிகளும் அரசு அறிவித்தவை.

அறிவிப்பில் இருந்தது என்ன

சென்னையில் இதற்கு முந்தைய பொதுச் சீராய்வு 1998-இல் நடந்தது. மற்ற நகர்ப்புற உள்ளாட்சிகளில் 2008-இல். பதினைந்தாவது நிதிக்குழு, சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதங்களை அறிவித்து, வசூலையும் மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப உயர்த்தும் மாநிலங்களின் உள்ளாட்சிகளுக்கே மானியம் என்று நிபந்தனை வைத்திருந்தது. அரசு சொன்ன முதன்மைக் காரணம் அதுதான். அதே ஆண்டு பிப்ரவரியில் உள்ளாட்சித் தேர்தல் நடந்து, மார்ச்சில் புதிய மன்றங்கள் பொறுப்பேற்றிருந்தன என்பதையும் செய்தி சொல்ல வேண்டும். ஏனென்றால் அரசாணை வந்தாலும் தீர்மானம் நிறைவேற்ற வேண்டியது மன்றம்.

சென்னையின் பழைய பகுதிக்கு, அதாவது 2011-க்கு முன் மாநகராட்சி எல்லைக்குள் இருந்த சுமார் 174 சதுர கிலோமீட்டருக்கு, குடியிருப்புகளின் உயர்வு நான்கு வரம்புகளாக இருந்தது. 600 சதுர அடி வரை 50 சதவீதம். 601 முதல் 1,200 வரை 75. 1,201 முதல் 1,800 வரை 100. அதற்கு மேல் 150. பின்னர் இணைக்கப்பட்ட பகுதிகளுக்கு இதே வரம்புகளில் 25, 50, 75, 100. வணிகக் கட்டடங்களுக்குப் பழைய பகுதியில் 150, இணைக்கப்பட்ட பகுதியில் 100 சதவீதம்.

இதைப் பார்த்ததும் ஒரு செய்தியாளருக்கு எழ வேண்டிய முதல் கேள்வி, இந்த வரம்புகள் வருமான வரி போலப் படிப்படியாக ஏறுகின்றனவா, அல்லது வரம்பைத் தாண்டினால் முழு வரிக்கும் புதிய விகிதமா என்பது. வருமான வரியில் வரம்புக்கு மேல் உள்ள பகுதிக்கு மட்டுமே கூடுதல் விகிதம். இங்கே அப்படி இல்லை. 1,201 சதுர அடி வீட்டின் வரி முழுவதும் 100 சதவீதம் உயர்கிறது. இந்த ஒரு விவரம் மாதிரி பில்களின் தேர்வையே மாற்றிவிடும். எப்படி என்று கீழே காட்டுகிறேன்.

பழைய வரி எங்கிருந்து வருகிறது

உயர்வு சதவீதத்தில் சொல்லப்படுவதால், எதன் மேல் அந்தச் சதவீதம் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் பில் போட முடியாது. சென்னையில் வரி அரையாண்டுக் கணக்கு: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றொன்று. ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு சதுர அடிக்கு இவ்வளவு மாத வாடகை மதிப்பு என்று ஓர் அடிப்படைக் கட்டணம் உண்டு. குடியிருப்புக்கு அது 60 காசு முதல் 2 ரூபாய் 40 காசு வரை இருந்தது. வணிகத்துக்கு 4 ரூபாய் முதல் 12 ரூபாய் வரை. உண்மையான சந்தை வாடகைக்கும் இதற்கும் தொடர்பே இல்லாத அளவுக்கு இந்தக் கட்டணம் பழையது.

அந்தக் கட்டணத்தைக் கட்டடப் பரப்பால் பெருக்கினால் மாத வாடகை மதிப்பு. அதை 10.92-ஆல் பெருக்கினால் ஆண்டு மதிப்பு. பன்னிரண்டால் பெருக்காமல் ஏன் 10.92 என்று பலர் கேட்பார்கள். மதிப்பில் பத்தில் ஒரு பங்கு நிலத்துக்கு என்றும், மீதிப் பங்கு கட்டடத்துக்கு என்றும் பிரித்து, கட்டடப் பங்கில் பத்து சதவீதத்தைப் பழுதுபார்ப்புச் செலவாகக் கழிக்கிறார்கள். எஞ்சுவது 91 சதவீதம். அதன் பன்னிரண்டு மாதக் கணக்கு 10.92. ஆண்டு மதிப்பு 5,000 ரூபாயைத் தாண்டினால் அதில் 12.4 சதவீதம் ஓர் அரையாண்டின் வரி. இதில் கல்வி வரி, நூலக வரி எல்லாம் அடக்கம்.

சதுர அடிக்கு 1 ரூபாய் 20 காசு கட்டணம் உள்ள ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். அங்கே 590 சதுர அடி வீடு. மாத வாடகை மதிப்பு 708 ரூபாய். ஆண்டு மதிப்பு 7,731. அரையாண்டு வரி 959 ரூபாய். சொந்தக் குடியிருப்புக்கும் கட்டடத்தின் வயதுக்கும் கழிவுகள் உண்டு. அவற்றை இங்கே ஒதுக்கி வைக்கிறேன், ஏனென்றால் பழைய வரியில் கழிவு எவ்வளவு இருந்தாலும் உயர்வு அதே விகிதத்தில்தான் ஏறுகிறது. நிஜ வீட்டுக்கு எழுதும்போது இந்தச் சூத்திரத்தைவிடக் கடைசி ரசீதை நம்புவதே சரி. சூத்திரத்தின் பயன், ரசீதில் உள்ள தொகை நம்பத்தக்கதா என்று சரிபார்ப்பதில்தான் இருக்கிறது.

ஒரே தெருவில் ஐந்து பில்கள்

எல்லா வீடுகளையும் மேலே சொன்ன ஒரே தெருவில் வைக்கிறேன். தெருக் கட்டணம் மாறாமல் இருந்தால்தான் வித்தியாசம் எதனால் வருகிறது என்று வாசகருக்குப் புரியும். தொகைகள் ஓர் அரையாண்டுக்கானவை, ரூபாய்க்கு முழுமையாக்கப்பட்டவை.

| வீடு | பழைய வரி | உயர்வு | புதிய வரி | கூடுதல் |
|---|---|---|---|---|
| 590 சதுர அடி, வாடகைக்கு விட்ட அடுக்ககக் குடியிருப்பு | 959 | 50% | 1,438 | 479 |
| 1,190 சதுர அடி தனி வீடு | 1,934 | 75% | 3,384 | 1,450 |
| 1,210 சதுர அடி, அடுத்த வீடு | 1,966 | 100% | 3,932 | 1,966 |
| 1,890 சதுர அடி, மூன்று பகுதிகள், ஒரே வரிவிதிப்பு எண் | 3,071 | 150% | 7,678 | 4,607 |
| 850 சதுர அடி வீடு, முன்புறம் 150 சதுர அடி கடை | 2,600 | 75%, 150% | 5,464 | 2,864 |

முதலில் இரண்டாவது, மூன்றாவது வீடுகளைப் பாருங்கள். அவற்றுக்கு இடையே பரப்பில் இருபது சதுர அடிதான் வேறுபாடு, ஒரு சிறிய குளியலறையைவிடக் குறைவு. பழைய வரியில் அந்த வேறுபாட்டின் விலை 32 ரூபாய். புதிய வரியில் 548 ரூபாய். ஆண்டுக்கு ஆயிரத்தைத் தாண்டுகிறது. 1,800-க்கும் 1,801-க்கும் இடையே இது இன்னும் கூர்மையாக இருக்கும்: ஒரு சதுர அடி கூடியதற்கு அரையாண்டில் 1,466 ரூபாய் அதிகம். இந்தக் கணக்கைப் போடாமல் விகிதங்களை மட்டும் அட்டவணையாக வெளியிட்டால், வாசகர் இதைத் தன் பில் வந்த பிறகுதான் கண்டுபிடிப்பார்.

இதிலிருந்து மாதிரி வீடுகளைத் தேர்ந்தெடுக்கும் முறையும் கிடைக்கிறது. 600, 1,000, 1,500 என்று வசதியான முழு எண்களை எடுத்தால் வரம்புகளின் விளிம்பில் நடப்பது தெரியாமலே போகும். விளிம்புக்கு இரு பக்கமும் ஒவ்வொரு வீடு வேண்டும். அரசின் செய்திக்குறிப்பில் எடுத்துக்கொண்ட 600 சதுர அடி, நான்கு வரம்புகளில் மிகக் குறைந்த உயர்வு உள்ள வரம்பின் கடைசி எண் என்பதை அன்றே கவனித்துக் குறிப்பிட்டிருக்க வேண்டும். அந்தப் பில்லில் பொய் எதுவும் இல்லை. சிறிய வீடுகளே எண்ணிக்கையில் அதிகம் என்ற நியாயமும் அதற்கு உண்டு. ஆனால் ஓர் அடி கூடினால் 50 என்பது 75 ஆகிவிடும் ஒரு வீட்டை மட்டும் காட்டினால், படம் பாதிதான்.

விளிம்பு முக்கியம் என்பதால் பரப்பை எப்படி அளக்கிறார்கள் என்பதும் செய்தியின் பகுதியாகிவிடுகிறது. மாநகராட்சி கணக்கில் கொள்வது கட்டடத்தின் அடித்தளப் பரப்பு, சுவர்களோடு சேர்த்து. அறைகளை மட்டும் அளந்து '1,150 சதுர அடி' என்று நினைத்திருக்கும் ஒருவரின் வீடு, மாநகராட்சி ஏட்டில் 1,200-ஐத் தாண்டியிருக்கக்கூடும். பத்திரத்தில் உள்ள அளவு, வீடு விற்றவர் சொன்ன அளவு, வரிவிதிப்பாளர் ஏட்டில் எழுதிய அளவு மூன்றும் ஒன்றாக இருப்பது அரிது. மாதிரி பில்லுக்கு மேலே 'இந்த அளவு மாநகராட்சி ஏட்டில் உள்ளது' என்று ஒரு வரி எழுதாவிட்டால், பத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போடுபவர் தவறான வரம்பில் போய் நிற்பார்.

நான்காவது வீடு

என்னை அதிகம் யோசிக்க வைத்தது நான்காவது பில். 1,890 சதுர அடி என்றதும் வசதியான குடும்பம் என்று தோன்றும். '1,800-க்கு மேல் 150 சதவீதம்' என்பதைப் 'பணக்காரர்களுக்கு மட்டுமே கடும் உயர்வு' என்று எழுதிவிடுவதும் எளிது. ஆனால் பழைய சென்னையின் தெருக்களில், தாத்தா கட்டிய வீட்டில் அண்ணன் தம்பிகள் மூன்று பேர் ஆளுக்கு ஒரு பகுதியாகக் குடியிருப்பது சாதாரணம். பாகப்பிரிவினை வாய்மொழியாகவே நடந்திருக்கும். வரி ரசீது இன்னும் தாத்தா பெயரிலேயே வரும். ஒரே வரிவிதிப்பு எண் என்பதால் பரப்பு 1,890 என்றே கணக்காகிறது, உயர்வு 150 சதவீதம்.

இதே மூன்று பகுதிகளும் தனித்தனி எண்களில் வரிவிதிக்கப்பட்டிருந்தால் ஒவ்வொன்றும் 630 சதுர அடி, உயர்வு 75 சதவீதம். மூன்றுக்கும் சேர்த்துப் புதிய வரி 5,374 ரூபாய் ஆகியிருக்கும். ஒரே எண்ணாக இருப்பதால் 7,678. அரையாண்டுக்கு 2,304 ரூபாய் வேறுபாடு. வீடும் அதே, குடும்பங்களும் அதே. பக்கத்தில் புதிதாகக் கட்டிய அடுக்ககத்தில் 630 சதுர அடிக் குடியிருப்புகள் ஒவ்வொன்றுக்கும் தனி எண் இருப்பதால், அங்கே குடியிருப்பவர்கள் குறைந்த விகிதத்தில் வருவார்கள்.

அதனால் 'வெவ்வேறு வகைக் குடும்பங்கள்' என்று சொல்லும்போது வருமானத்தை வைத்துக் குடும்பங்களைப் பிரிப்பது போதாது. இந்த வரி குடும்பத்தைப் பார்ப்பதே இல்லை, வரிவிதிப்பு எண்ணையும் அதன் கீழ் உள்ள பரப்பையும் பார்க்கிறது. ஓய்வூதியத்தில் வாழும் தம்பதி, மூன்று குடும்பங்கள் ஒட்டியிருக்கும் பழைய வீடு, முன்புறம் தையல் கடை வைத்திருக்கும் பெண், வாடகைக்கு இருப்பவர் என்று, இந்த வரியோடு வெவ்வேறு விதமாக உறவு கொண்டவர்களைத் தேட வேண்டும். இந்த நான்காவது வீட்டை நேரில் போய்ப் பார்த்து, ரசீதைக் கையில் வாங்கிப் பார்த்து எழுதும் செய்திக்கு ஈடாக எந்த வரைபடமும் இல்லை.

ஐந்தாவது பில்லும் இதே வகையைச் சேர்ந்தது. மொத்த வீட்டில் கடையின் பரப்பு 15 சதவீதம்தான். ஆனால் வணிகத்துக்குத் தெருக் கட்டணமே பல மடங்கு. இங்கே சதுர அடிக்கு 6 ரூபாய் என்று கொண்டிருக்கிறேன். வீட்டுப் பகுதிக்கு 1,381 ரூபாய் 2,417 ஆகிறது. கடைப் பகுதிக்கு 1,219 ரூபாய் 3,047 ஆகிறது. ஏற்கெனவே கனமாக இருந்த பகுதியின் மேல் கனமான சதவீதமும் ஏறியதால், பில்லில் பாதிக்கு மேல் அந்தச் சிறு முன்னறைக்கே போகிறது. மொத்த உயர்வு 110 சதவீதம். அறிவிப்பில் எங்கும் 110 என்ற எண் கிடையாது. பில் போட்டால்தான் அது தெரியவரும்.

பில் வராத குடும்பம்

சென்னையில் வாடகைக்குக் குடியிருப்போருக்குச் சொத்து வரி பில் வராது. ஆனால் '50 சதவீதம்', '100 சதவீதம்' என்ற எண்கள் அவர்களைத்தான் முதலில் தாக்கும், வீட்டு உரிமையாளரின் வாயால். எனவே அவர்களுக்கான மாதிரி பில் மாதக் கணக்கில் இருக்க வேண்டும். அட்டவணையின் முதல் வீட்டில் அரையாண்டுக்குக் கூடுதல் 479 ரூபாய், மாதத்துக்கு 80 ரூபாய். 1,190 சதுர அடி வீட்டில் மாதத்துக்கு 242 ரூபாய். சொத்து வரி ஏறிவிட்டது என்று சொல்லி மாத வாடகையில் ஆயிரம் ரூபாய் கேட்கும் உரிமையாளரிடம் பேசுவதற்கு, வாடகைதாரர் கையில் இந்த எண் இருப்பது பெரிய உதவி. இரண்டு வரிகளில் முடிந்துவிடும் இந்தக் கணக்கைப் பெரும்பாலான செய்திகள் விட்டுவிட்டன என்பது எனக்கு வருத்தம்.

இணைக்கப்பட்ட பகுதிகள்

2011-இல் ஒன்பது நகராட்சிகளும் எட்டுப் பேரூராட்சிகளும் இருபத்தைந்து ஊராட்சிகளும் சென்னையோடு சேர்ந்து, மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அங்கெல்லாம் பழைய வரி அந்தந்த உள்ளாட்சியின் பழைய கணக்கிலிருந்து வந்தது. ஆகவே மேலே நான் பயன்படுத்திய சூத்திரத்தை அங்கே வைத்துப் பார்ப்பது ஆபத்து. கடைசி ரசீதில் அரையாண்டு வரி 900 ரூபாய் என்று இருக்கும் 1,000 சதுர அடி வீட்டுக்கு, 50 சதவீத உயர்வில் 1,350 ரூபாய். பழைய பகுதியில் அதே அளவு வீட்டுக்கு 75 சதவீதம். ஒரே மாநகராட்சி, ஒரே அளவு வீடு, இரண்டு விகிதம் என்பதால், மாதிரி பில்லின் தலைப்பிலேயே எந்தப் பகுதி என்று எழுதியாக வேண்டும். 'சென்னையில் 1,000 சதுர அடி வீட்டுக்கு' என்று பொதுவாக எழுதினால் அந்த வரி பாதிப் பேருக்குத் தவறு.

ரசீதில் உள்ள பொறிகள்

பில் போடுவதில் தவறு பெரும்பாலும் பெருக்கலில் நடப்பதில்லை, பழைய வரி என்று எதை எடுக்கிறோம் என்பதில்தான் நடக்கிறது. சென்னையில் இதற்குத் தனிக் காரணம் ஒன்று இருந்தது. 2018-இல் சொத்து வரி ஒருமுறை உயர்த்தப்பட்டது. 2019 நவம்பரில் அந்த உயர்வு நிறுத்திவைக்கப்பட்டு, கூடுதலாக வாங்கிய தொகையை அடுத்த அரையாண்டுகளில் சரிக்கட்டுவதாக அறிவிக்கப்பட்டது. இதனால் ஒரே வீட்டுக்கு மூன்று விதமான ரசீதுகள் கிடைக்கும். உயர்வு நடப்பில் இருந்தபோது கட்டிய பெரிய தொகை, சரிக்கட்டிய பின் கட்டிய மிகச் சிறிய தொகை, பிறகு பழைய நிலைக்குத் திரும்பிய தொகை.

நடுவில் உள்ள ரசீதை எடுத்துக்கொண்டால், உயர்வு பல மடங்கு என்று தெரியும். முதல் ரசீதை எடுத்துக்கொண்டால், உயர்வே இல்லை என்று கூடத் தோன்றும். '400 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தேன், இப்போது 3,384 கேட்கிறார்கள்' என்று ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த 400 வரியல்ல, சரிக்கட்டிய பின் எஞ்சிய தொகை. ரசீதில் 'கட்டிய தொகை' என்ற இடத்தைப் பார்க்காமல் 'அரையாண்டு வரி' என்ற இடத்தைப் பார்க்க வேண்டும். நிலுவை இருந்தால் அதுவும் கேட்புத் தொகையில் கலந்து வரும். ஒரு சதவீதத்தைப் பார்த்ததும் அது 50, 75, 100, 150 ஆகியவற்றில் ஒன்றோடு பொருந்துகிறதா என்று சோதிப்பதே சரிபார்க்கும் எளிய வழி. பொருந்தவில்லை என்றால் நிலுவையோ, சரிக்கட்டலோ, பகுதி மாற்றமோ, கடையோ, புதிதாக அளந்த பரப்போ பின்னால் இருக்கிறது. அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் பில்லை வெளியிடக் கூடாது.

ஊக்கத்தொகையும் இதில் குழப்பும். அரையாண்டின் தொடக்கத்திலேயே கட்டுபவர்களுக்கு 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை, கழிவு உண்டு. 3,384 ரூபாய் பில்லில் அது 169 ரூபாய். பழைய வரியை ஊக்கத்தொகை கழித்தும் புதிய வரியைக் கழிக்காமலும் ஒப்பிட்டால் உயர்வு பெரிதாகிவிடும். இரண்டையும் கழிக்காமல் வைத்து, கழிவைத் தனி வரியாகச் சொல்வதே தெளிவு. குடிநீர் வாரியத்தின் வரியும் இதே ஆண்டு மதிப்பை அடிப்படையாகக் கொண்டது. ஆனால் அது தனி பில், தனி அமைப்பு. மாதிரி பில்லில் கலக்காமல் பக்கத்தில் குறிப்பிடலாம்.

இன்னொன்று, தனியுரிமை பற்றியது. சென்னை ரசீதில் மண்டலம், வட்டம், பில் எண், துணை எண் என்று நான்கு பகுதிகளாக எண் இருக்கும். அந்த எண் கிடைத்தால் இணையத்தில் அந்தச் சொத்தின் விவரங்களைத் தேடிவிடலாம். ரசீதின் படத்தை வெளியிடும்போது பெயரை மறைத்துவிட்டு எண்ணை அப்படியே விடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ரசீது தந்து உதவிய குடும்பத்துக்குச் செய்யும் குறைந்தபட்ச மரியாதை, எண்ணையும் மறைப்பது.

சதவீதத்தை எப்படி நியாயமாகச் சொல்வது

150 சதவீதம் என்ற எண் அதிர்ச்சி தருவது இயல்பு. 24 ஆண்டுகளாகப் பொதுச் சீராய்வு நடக்காத ஒரு வரி அது என்பதையும் சேர்த்தால், ஆண்டுக் கூட்டு விகிதத்தில் அது 3.9 சதவீதம். 50 சதவீதம் என்பது ஆண்டுக்கு 1.7. உயர்வை ஆதரிப்பவர்கள் இந்த எண்ணை எடுத்து வைப்பார்கள், கணக்கு சரிதான். ஆனால் குடும்பம் அதை ஆண்டுக்கு 3.9 என்று கட்டவில்லை, ஒரே அரையாண்டில் முழுதாகக் கட்டியது. நான்காவது வீட்டின் மூன்று சகோதரர்களில் ஒருவருக்கு அரையாண்டுக்குக் கூடுதல் சுமார் 1,536 ரூபாய். சுமை திடீரென்று வந்ததற்குக் காரணம் 24 ஆண்டுகளாக ஆட்சிகள் தள்ளிப்போட்டது. அந்தத் தள்ளிப்போடலின் விலையை 2022-இல் வீடு வைத்திருந்தவர்கள் கட்டினார்கள். இரண்டு எண்களையும் ஒரே பத்தியில் வைப்பதே நேர்மை.

தலைப்பில் சதவீதத்தை மட்டும் போடாமல் ரூபாயையும் போட வேண்டும் என்று நான் சொல்வதற்கும் காரணம் இதுவே. பழைய வரி மிகக் குறைவாக இருந்தால் பெரிய சதவீதமும் சிறிய தொகைதான். ஆனால் ரூபாயை மட்டும் போட்டால், பழைய வரி குறைவாக இருந்த வீடுகளுக்குள் யாருக்கு அதிகம் ஏறியது என்பது மறைந்துவிடும்.

2024-இன் ஆறு சதவீதம்

2023-இல் நடைமுறைக்கு வந்த நகர்ப்புற உள்ளாட்சி விதிகள், ஆண்டுதோறும் சொத்து வரியை உயர்த்த வழி செய்தன. 2024 செப்டம்பர் இறுதியில் சென்னை மாநகராட்சி மன்றம் 6 சதவீத உயர்வுக்குத் தீர்மானம் நிறைவேற்றியது. 6 என்பது சிறிய எண் என்பதால் பல இடங்களில் அது ஒரு பத்திச் செய்தியாகவே வந்தது. 2022-இன் மாதிரி பில்களைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு அது வேறு விதமாகத் தெரிந்திருக்கும். 590 சதுர அடி வீட்டுக்கு 1,438 ரூபாய் 1,524 ஆகிறது, கூடுதல் 86. நான்காவது வீட்டுக்கு 7,678 ரூபாய் 8,138 ஆகிறது, கூடுதல் 460. எல்லோருக்கும் ஒரே 6 சதவீதம்தான். ஆனால் 2022-இல் விளிம்பைத் தாண்டியதால் ஏறிய தொகையின் மேலும் அந்த 6 ஏறுகிறது. அடுத்தடுத்து 1,190, 1,210 சதுர அடி வீடுகள் இரண்டுக்கும் இடையே 548 ஆக இருந்த வேறுபாடு இந்த உயர்வுக்குப் பிறகு 581.

எனவே ஓர் உள்ளாட்சியின் சொத்து வரியைத் தொடர்ந்து எழுதுபவர்கள், மாதிரி வீடுகளை ஒவ்வோர் உயர்வுக்கும் புதிதாகத் தேடுவதைவிட அதே வீடுகளை வைத்துக்கொண்டு அட்டவணையில் ஒரு கட்டத்தைக் கூட்டிக்கொண்டே போவது நல்லது. 1,190 சதுர அடி வீட்டின் வரிசையில் அப்போது 1,934, 3,384, 3,587 என்று மூன்று எண்கள் இருக்கும். 2024-இல் '6 சதவீதம்' என்று படித்தவருக்கு, 2022-இன் தொடக்கத்திலிருந்து தன் வரி 85 சதவீதம் ஏறியிருப்பது அந்த வரிசையில் தெரியும்.